ஃபாத்திமாவின் கண்கள்: 'உம்மு ஹாஷிமின் விளக்கு' நாவலில் உடலும் உருவகமும்

எகிப்திய எழுத்தாளர் யஹ்யா ஹக்கீ (1905-1992) எழுதிய 'கின்தீல் உம்மு ஹாஷிம்' என்னும் குறுநாவல் 1944இல் வெளிவந்தது. 'உம்மு ஹாஷிமின் விளக்கு' என்பது அதன் பொருள். கெய்ரோவில் ஸையிதா ஸைனப் (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த பள்ளிவாசலையும் அதன் முன்னுள்ள சதுக்கத்தையும் களமாகக் கொண்ட கதை இது. ஹக்கீ பிறந்ததும் அதே வட்டாரத்தில்தான். நவீன அறபு இலக்கியத்தில் கீழைத்தேய நம்பிக்கையும் மேலைத்தேய அறிவியலும் மோதும் கதை என்றவுடன் ஆய்வாளர்கள் முதலில் சுட்டும் படைப்புகளுள் இதுவும் ஒன்று. அந்த மோதல் எவருடைய கண்களில் வைத்து நடத்தப்படுகிறது என்னும் கேள்வி மட்டும் குறைவாகவே கேட்கப்பட்டுள்ளது. அக்கேள்வியையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

கதையை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பள்ளிவாசலின் அருகே வாழும் ஷெய்கு ரஜபின் மகன் இஸ்மாயீல். கெய்ரோவில் மருத்துவம் பயிலும் அளவுக்கு அவன் மதிப்பெண் பெறவில்லை. தந்தை தம் சக்திக்கு மீறிச் செலவு செய்து அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறார். தாயையும் தந்தையையும் இழந்து அவ்வீட்டிலேயே வளரும் ஃபாத்திமா அந்நபவிய்யா அவனுக்குச் சிறிய தந்தையின் மகள். பயணத்திற்கு முன் அவளை அவனுக்கு மணமுடிப்பதாகப் பேசி முடிக்கின்றனர். அவளுக்குக் கண்நோய் உண்டு. ஏழாண்டுகளுக்குப் பின் கண் மருத்துவராகத் திரும்பும் இஸ்மாயீல், முதல் இரவிலேயே தன் தாய் அவள் கண்களில் ஏதோ துளிகளை இடுவதைக் காண்கிறான். அது உம்மு ஹாஷிமின் விளக்கிலிருந்து எடுத்த எண்ணெய் என்று அறிந்ததும் கொதித்தெழுகிறான். புட்டியை வீசியெறிகிறான், பள்ளிவாசலுக்கு ஓடி விளக்கையே அடித்து உடைக்கிறான். மக்கள் அவனை நையப்புடைக்கின்றனர். பள்ளிவாசல் பணியாளரான ஷெய்கு தர்தீரி அவனைக் காப்பாற்றுகிறார்.

உடல் தேறிய பின் அவன் தான் கற்ற முறைப்படி ஃபாத்திமாவுக்குச் சிகிச்சை அளிக்கிறான். சக மருத்துவர்களும் அவன் முறை சரியென்றே கூறுகின்றனர். ஆயினும் நோய் முற்றி, ஒரு காலையில் அவளுக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விடுகிறது. இஸ்மாயீல் வீட்டைவிட்டு வெளியேறிச் சதுக்கத்தில் அலைந்து திரிகிறான். ரமளான் வருகிறது. லைலத்துல் கத்ர் இரவில் அவன் உள்ளம் மாறுகிறது. ஷெய்கு தர்தீரியிடம் எண்ணெயைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஃபாத்திமாவிடம் திரும்புகிறான். இம்முறை நம்பிக்கையின் துணையோடு தன் மருத்துவத்தைத் தொடர்கிறான். அவள் பார்வை பெறுகிறாள். பின்னர் அவளை மணந்து, ஏழைகள் வாழும் பகுதியில் மருத்துவமனை நடத்தி, மக்கள் நினைவில் வாழும் மனிதனாக மறைகிறான்.

தர்கா விளக்கின் எண்ணெய் என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. அதன் மார்க்க நிலை குறித்த விவாதமும் புதிதன்று. அவ்விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. நம் கவனம் ஃபாத்திமாவின் மீதே இருக்கும்.

கதையின் பொய்க்கால்

இலக்கியத்தில் உடற்குறை எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை ஆராயும் துறை, மாற்றுத்திறனாளர் ஆய்வுகள் என்னும் பெயரில் 1990களில் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. உடற்குறையை மருத்துவச் செய்தியாக மட்டும் பாராமல், ஒரு சமூகம் அதற்கு ஏற்றும் பொருள்களையும் அத்துறை ஆராய்கிறது. டேவிட் மிட்செல், ஷேரன் ஸ்னைடர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் அத்துறையின் பயன்மிக்க கருத்தொன்றை முன்வைத்தனர். அதனைக் 'கதையின் பொய்க்கால்' என்று நாம் தமிழில் கூறலாம். கால் இழந்தவர் பொய்க்காலின் மீது ஊன்றி நடப்பது போல், எத்தனையோ கதைகள் ஒரு பாத்திரத்தின் உடற்குறையின் மீது ஊன்றி நடக்கின்றன. கதை சென்றடைய வேண்டிய இடத்தை அடைந்ததும், பொய்க்காலைப் போன்றே அப்பாத்திரமும் கழற்றி வைக்கப்படுகிறது.

இவ்வகைக் கதைகள் நான்கு படிகளில் நகர்வதை அவ்விருவரும் காட்டுகின்றனர். முதலில் ஒரு குறை வாசகரின் பார்வைக்குக் கொண்டுவரப்படுகிறது. அடுத்து, அது எங்கிருந்து வந்தது என்னும் விளக்கம் தேவைப்படுகிறது. மூன்றாவதாக, அக்குறை கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது. இறுதியில் குணப்படுத்துவதாலோ, எவரேனும் மீட்பதாலோ, மரணத்தாலோ அது அகற்றப்படுகிறது. குறையோடு வாழும் வாழ்க்கை என்னும் ஐந்தாவது படி அநேகமாக வருவதேயில்லை.

ஹக்கீயின் நாவல் இந்நான்கு படிகளிலும் பிசகாமல் ஏறுகிறது. ஃபாத்திமாவின் சிவந்த இமைகள் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்படுகின்றன. இஸ்மாயீல் திரும்பிய இரவில், நோயை வளர்ப்பது அறியாமையே என்ற விளக்கம் கிடைக்கிறது. பின்னர் அவள் கண்கள் கதையின் நடுவிடத்திற்கு வருகின்றன. அவை குணமாவதைப் பொறுத்தே இஸ்மாயீலின் கல்வி மெய்யா பொய்யா என்பது தீர்மானமாகும். கடைசியில் அவை குணமாகின்றன. அதன்பின் ஃபாத்திமா நம் பார்வையிலிருந்து மறைகிறாள். அவள் ஐந்து ஆண்மக்களையும் ஆறு பெண்மக்களையும் பெற்றாள் என்ற செய்தி மட்டும் நமக்குக் கிடைக்கிறது. இஸ்மாயீலின் உடலோ இறுதிவரை விவரிக்கப்படுகிறது. அவன் பருத்த மேனியையும், உண்ணும் ஆசையையும், மூச்சிரைப்பையும் கதைசொல்லியான அவன் மருமகன் பரிவோடு நினைவுகூர்கிறான். அவன் உடல் ஒரு மனிதனின் உடலாக எஞ்சுகிறது. அவள் உடல் தன் பணி முடிந்ததும் கதையைவிட்டு நீங்குகிறது.

கண்கள் சுமக்கும் பாரம்

ஃபாத்திமாவை எகிப்தின் உருவகமாகக் காண்பது விமர்சகர்களிடையே வழக்கமான வாசிப்பு. நோயுற்ற, ஏழ்மையுற்ற, காத்திருக்கும் தாயகம் அவள். நம்பிக்கையற்ற அறிவியல் அவளைக் குருடாக்குகிறது. நம்பிக்கையோடு கூடிய அறிவியல் அவளுக்கு ஒளி தருகிறது. நாவலின் கட்டமைப்பே இவ்வாசிப்பை அழைக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. விளக்கு, எண்ணெய், ஒளி, கண் என்ற நான்கையும் ஒரே சரட்டில் கோத்திருக்கும் ஹக்கீயின் திறம் வியக்கத்தக்கது.

எனினும் இவ்வுருவகம் நிற்க வேண்டுமானால் அவள் நோயின் மெய்யான இயல்பு மறைக்கப்பட வேண்டியிருக்கிறது. இஸ்மாயீல் அவள் கண்களைச் சோதித்துக் காண்பது ட்ராக்கோமா என்னும் இமைநோய். எகிப்தில் அது தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த நோய். 1798இல் நெப்போலியனோடு வந்த படையினரைத் துன்புறுத்திய கண்நோய்களால், 'எகிப்தியக் கண்நோய்' என்ற பெயரே ஐரோப்பாவில் பரவியது. நுண்ணுயிரால் வரும் இந்நோய் விரல்கள், துணிகள், ஈக்கள் வழியாக ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தொற்றுகிறது. ஒருமுறை தொற்றியவுடன் பார்வை போய்விடுவதில்லை. குழந்தைப் பருவம் தொட்டு மீண்டும் மீண்டும் தொற்றும்போது மேலிமையின் உட்புறத்தில் தழும்புகள் ஏற்படுகின்றன. தழும்பு சுருங்கச் சுருங்க இமை உள்நோக்கி மடிகிறது. இமைமயிர்கள் கருவிழியைத் தொடுகின்றன. அதன்பின் ஒவ்வோர் இமைப்பும் ஓர் உராய்வு. ஆண்டுக்கணக்கில் தொடரும் இவ்வுராய்வில் கருவிழி வெளுத்து ஒளிபுகாததாகிறது. நோயுற்ற குழந்தைகளை எடுத்து வளர்ப்பவர்கள் என்பதால் பெண்களே இந்நோயால் கூடுதலாகப் பார்வை இழக்கின்றனர்.

நாவலாசிரியர் தலைமுறையின் கண் மருத்துவரிடம் இதற்கு என்ன மருந்து இருந்தது? வெள்ளி நைட்ரேட்டும் மயில்துத்தமும் இமையின் உட்புறத்தில் தடவப்பட்டன. அது வலிமிகுந்த, மாதக்கணக்கில் நீளும், பயன் உறுதியில்லாத சிகிச்சை. சல்ஃபா மருந்துகள் 1930களின் இறுதியில்தான் வந்தன. நோய்க்கிருமி ஆய்வுக்கூடத்தில் தனித்தெடுக்கப்பட்ட செய்தி 1957இல்தான் வெளியானது. ஆகவே ஃபாத்திமாவுக்கு அளித்த சிகிச்சை தோற்றதற்கு எளிய காரணங்கள் இருந்தன. மருந்து போதாது, அதே வீடு, அதே துணி, அதே ஈக்கள் என்பதால் மறுதொற்றுக்கு வாய்ப்பு மிகுதி, பல்லாண்டுத் தழும்புகளும் ஏற்கெனவே இருந்தன. மேலும், தழும்பேறி வெளுத்துவிட்ட கருவிழி எந்தச் சொட்டு மருந்தாலும் தெளிந்துவிடாது.

நாவல் இவற்றுள் எதையும் காரணமாகக் கொள்ளவில்லை. மருத்துவரின் உள்ளத்தில் ஈமான் இல்லாமையால் கண் கெட்டது. ஈமான் திரும்பியதால் கண் தெளிந்தது என்றே கதையின் போக்கு நமக்கு உணர்த்துகிறது. ஒரு பெண்ணின் கருவிழி இன்னொருவரின் ஆன்மிக நிலையைக் காட்டும் அளவுகோலாகிவிடுகிறது. இங்கேதான் நாம் தயங்கி நிற்கிறோம். ஏனெனில் இத்தகைய எண்ணம் கதைக்குள் மட்டும் அடங்கியதன்று. நம் ஜமாஅத்துகளில் பார்வையற்ற ஒருவரிடமோ, நடக்க இயலாத குழந்தையின் தாயிடமோ, உறுதியாக நம்பி துஆ செய்திருந்தால் குணமாகியிருக்கும் என்று நல்லெண்ணத்தோடு கூறுபவர்கள் உள்ளனர். குணமாகாத உடல் அப்போது குறைவான ஈமானின் சான்றாகிவிடுகிறது. உருவகத்தின் விலையைக் கொடுப்பவர் அவ்வுடலுக்குரியவரே.

அவள் என்ன சொல்கிறாள்?

ஓர் உடல் உருவகமாக மட்டும் பயன்படுகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அப்பாத்திரம் தன் குறையைப் பற்றி என்ன அறிந்திருக்கிறது, அதை எவரிடமேனும் சொல்கிறதா, அன்றாட வேலைகளை அது எவ்வாறு செய்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபாத்திமாவிடம் இக்கேள்விகளுக்கு அநேகமாக விடையில்லை. சூடான எண்ணெய் தன் கண்ணில் என்ன செய்தது என்பதை அவளைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் தாய்க்கும் மகனுக்கும் நடக்கும் அப்பெரும் வாக்குவாதத்தில் அவளிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. பார்வை போன காலையைக்கூட இஸ்மாயீலின் தோல்வியாகவே நாம் அனுபவிக்கிறோம். அதன்பின் கதை அவனோடு வீதிக்குச் செல்கிறது. இருளில் விடப்பட்ட அவளோடு வீட்டில் தங்குவதில்லை. அந்நாள்களில் அவள் எப்படி நடந்தாள், எவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றார், தொழுகை நேரத்தை எவ்வாறு அறிந்தாள் என்பவை கதைக்குத் தேவைப்படவில்லை. எண்ணெயோடு திரும்பும் இஸ்மாயீல் அவளைக் குணப்படுத்துவதாகச் சொல்வதோடு நிற்பதில்லை. உண்ணவும் பருகவும் உட்காரவும் உடுத்தவும் கற்றுக்கொடுத்து அவளை ஆதமின் மக்களுள் ஒருத்தியாக ஆக்குவதாகவும் கூறுகிறான். அவ்வாறாயின் அதுவரை அவள் யார்? அன்போடு சொல்லப்பட்ட அச்சொல்லில் எவ்வளவு கடுமை உறைந்திருக்கிறது என்பதை உருவக வாசிப்பு காணத் தவறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் எழுத்து அதே எகிப்தில், இந்நாவலுக்கு முன்னரே தோன்றியிருந்தது. தாஹா ஹுஸைன் (1889-1973) சிறு குழந்தையாக இருந்தபோது கண்நோய் கண்டு, கிராமத்து நாவிதரின் சிகிச்சையில் பார்வை இழந்தவர். பின்னாளில், 1950இல், எகிப்தின் கல்வி அமைச்சரானார். அவருடைய தன்வரலாறான 'அல்அய்யாம்' நூலின் முதல் பகுதி 1929இல் நூலாக வந்தது. அதில் ஓர் உணவு வேளை வருகிறது. வழக்கமாக ஒரு கையால் எடுக்கும் கவளத்தை இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்று சிறுவனுக்குத் தோன்றுகிறது, அவ்வாறே செய்கிறான். சகோதரர்கள் சிரிக்கின்றனர், தாய் அழுகிறாள், தந்தை மெல்லிய குரலில், அப்படி உண்ணலாகாது என்கிறார். அன்று முதல் கரண்டியால் உண்ண வேண்டிய உணவுகளைச் சிறுவன் தனக்குத் தானே விலக்கிக்கொள்கிறான். இங்கே பார்வையின்மை எந்த நாட்டுக்கும் உருவகமாக நிற்கவில்லை. அது ஒரு தட்டாக, ஒரு சிரிப்பாக, ஒரு சிறுவன் தன் வாழ்வை ஒழுங்குசெய்துகொண்ட முறையாக நிற்கிறது. இரு நூல்களிலும் அறியாமை மிக்க சிகிச்சை உண்டு. ஒன்றில் அது நாகரிகங்களின் வழக்காகிறது. மற்றொன்றில் ஒரு மனிதனின் வரலாறாகிறது.

மறையில் குருடு என்னும் சொல்

இங்கே வாசகர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். திருக்குர்ஆனே குருட்டுத்தன்மையை வழிகேட்டுக்கு உவமையாகப் பல இடங்களில் கூறவில்லையா? கூறுகிறது. ஆனால் அல்ஹஜ் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும். குருடாவது முகத்திலுள்ள கண்கள் அல்ல, நெஞ்சிலுள்ள இதயங்களே என்ற கருத்தை அவ்வசனம் தருகிறது. உவமையைக் கையாளும் மறையே உவமைக்கும் உடலுக்கும் இடையே கோடு கிழித்துவிடுகிறது. கண் தெரியாதவரின் உடலிலிருந்து அவர் அகநிலையைப் படித்தறிய முடியாது என்பதே அக்கோட்டின் பொருள் என நாம் கருதுகிறோம்.

அபஸ அத்தியாயம் இதனை நிகழ்ச்சியாகவே நமக்குக் காட்டுகிறது. பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் வந்தார்கள். அந்நிகழ்ச்சி குறித்து இறங்கிய வசனங்கள், அவர்களை அறிவை நாடித் தாமே விரைந்து வந்தவராக நம் முன் நிறுத்துகின்றன. அவர்கள் எவருடைய ஈமானையும் அளக்கும் கருவியாக வரவில்லை; தமக்கென ஒரு தேவையோடு வந்தார்கள். அவர்களுடைய கண்கள் குணமாகவுமில்லை. பார்வையற்றவராகவே அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் அங்கே பொறுப்பாளராகவும் இருந்தார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் இறங்கியபோது, இயலாதவர்களின் நிலை என்ன என்று அவர்கள் முறையிட, இடர்ப்பாடு உள்ளவர்களுக்கு விலக்களிக்கும் சொற்றொடர் இறங்கியதாக புகாரீயில் பதிவாகியுள்ளது. மிட்செலும் ஸ்னைடரும் கதைகளில் காணாத ஐந்தாவது படியை, குறையோடு வாழ்ந்து பேசிய வாழ்வை, நம் மரபு இவ்வாறு பேணி வைத்திருக்கிறது.

ஹக்கீயின் நாவலைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஏழைகளை இகழும் கல்வி கல்வியன்று என்னும் அவருடைய உள்ளக்கிடக்கை இன்றும் உண்மையே. இங்கிலாந்தில் பலவீனமான நோயாளிகளிடம் இஸ்மாயீல் காட்டிய பரிவைக் கண்டு தோழி மேரி கடிந்துகொள்வதையும், அதன்பின் அவன் உள்ளம் வறண்டு போவதையும் ஹக்கீ கூர்மையாகவே கண்டிருக்கிறார். கதை மருமகனின் குரலில் வருவதால் ஃபாத்திமாவின் அகத்துக்குள் நுழைய வழி குறைவு என்பதும் உண்மை. நாம் வேண்டுவது வாசிப்பில் ஒரு மாற்றம் மட்டுமே. எகிப்து கண் விழித்ததா என்று கேட்பதற்கு முன், ஃபாத்திமாவின் இமைகள் அவளுக்கு எவ்வளவு வலித்தன என்று ஒருமுறை கேட்டுவிட்டு அந்நாவலை மீண்டும் படிக்கலாம். அப்போது விளக்கு உடையும் காட்சியைவிட, வலியால் கண்களை மூடியபடி தாயின் அருகில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணே நம் நினைவில் நிற்பாள்.